லொக்கேஷன் மிஸ்மேட்ச்னு வந்தா, ஆப்சென்ட் போடுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

சர்வீஸ் ஆளுங்கள கிளையன்ட் இடத்துக்கு அனுப்புற ஒரு கம்பெனில அட்டெண்டன்ஸும் பேரோலும் பாக்குறேன். எங்க ஆளுங்கள்ல பாதி பேருக்கு மேல நம்ம ஆபீஸ் பக்கமே வர்றதில்ல, நேரா சைட்டுக்குப் போய் போன்ல பஞ்ச் பண்ணிட்டு வேலைய ஆரம்பிச்சுடுவாங்க. மாசக் கடைசில ரிப்போர்ட் எடுத்தா "லொக்கேஷன் மிஸ்மேட்ச்"னு சிவப்புல ஒரு கூட்டம் வந்து நிக்கும், பேரோல் மூடுற அவசரத்துல அத அப்படியே எல்ஓபி, அதாவது சம்பளம் இல்லாத நாள்னு போட்டு தள்ளிவிடுறதுதான் நிறைய இடத்துல நடக்குது. அந்த சிவப்புக்குள்ள நெசமாவே சைட்டுக்குப் போகாதவங்க ரொம்பக் கொஞ்சம்ங்க. மீதி எல்லாம் போன் தப்பா சொன்னது, இல்ல சைட் இங்கதான்னு மேப்ல குத்துற பின்ன நம்மளே தப்பா வச்சிருந்தது. அத எப்படிப் பிரிச்சுப் பாக்கணும்னு எங்களுக்குப் பிடிபட்டத எழுதுறேன், இதே வேலை பாக்குறவங்களுக்கு உபயோகப்படும்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும். போன் நம்ம ஆப்புக்கு ஒரு புள்ளிய மட்டும் குடுக்கிறதில்ல, கூடவே ஒரு வட்டத்தையும் குடுக்குது. "நான் இந்த இடத்துல இருக்கேன்னு நினைக்கிறேன், ஆனா இத்தன மீட்டர் அங்க இங்க இருக்கலாம்"னு சொல்ற நம்பர் அது, அதுக்குப் பேரு அக்யூரசி. வானம் தெரியுற வெட்டவெளில நின்னா ஒரு சாதாரண போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள்ள சரியா சொல்லிடும். பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குப் பக்கத்துல நின்னா சாட்டிலைட் சிக்னல் செவுத்துல பட்டுத் திரும்பி வரும், அப்ப புள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாவும். கட்டடத்துக்குள்ள போயிட்டா சாட்டிலைட் சரியா கிடைக்காது, போன் சுத்தி இருக்குற வைஃபை ரூட்டர்கள வச்சு கணக்குப் போடும், அதுல சில பத்து மீட்டர் தப்பு வரும். அதுவும் இல்லன்னா செல் டவர வச்சு சொல்லும், அப்ப தப்பு நூத்துக்கணக்கான மீட்டர், சில சமயம் கிலோமீட்டர் கணக்குல கூட போகும்.

இப்ப பிரச்சன என்னன்னா, நாம வாங்குற அட்டெண்டன்ஸ் ஆப்ல பல ஆப் இந்த அக்யூரசி நம்பர ரிப்போர்ட்ல காட்டுறதே இல்ல. அட்ரஸ் காட்டும், மேப் காட்டும், "640 மீட்டர் தூரத்தில்"னு காட்டும், ஆனா அந்த 640ஐ நம்பலாமா கூடாதான்னு சொல்ற ஒரே நம்பர மறைச்சு வச்சிருக்கும். எங்க ஆப்பும் அப்படித்தான் இருந்துச்சு. நாங்க வென்டர்கிட்ட கேட்டு வாங்குனது ரிப்போர்ட் ஷீட்டுல ரெண்டே ரெண்டு காலம்தான்: ஒவ்வொரு பஞ்சுக்கும் அக்யூரசி எத்தன மீட்டர், அந்த லொக்கேஷன போன் எத்தன மணிக்கு எடுத்தது. டேட்டா அவங்க சர்வர்ல ஏற்கனவே இருந்துச்சு, ரிப்போர்ட்டுக்குதான் வரல. நீங்களும் வேற எதையும் கேக்குறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் கேளுங்க.

ஒரு கேஸ முழுசா சொல்றேன். ஒரு கிளையன்ட் கட்டடம், அதோட பேஸ்மென்ட்ல சர்வர் ரூம், அங்க எங்க ஆளுங்க மூணு பேரு. அந்த சைட்டுக்கு எல்லையா ஆப்ல வச்சிருந்த வட்டம் பின்ல இருந்து 100 மீட்டர். அதுல ஒருத்தருக்கு மட்டும் அடிக்கடி மிஸ்மேட்ச் விழுந்து அரை நாள் சம்பளம் பிடிக்கிற நிலைமைக்கு வந்துடுச்சு, அவரு போன் பண்ணி, "சார், நான் ஏழரைக்கே உள்ள போயிட்டேன், கிளையன்ட் செக்யூரிட்டி ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து இருக்கு, ஆப் மட்டும் என்னைய ரோட்டுல நிக்க வைக்குது"ன்னாரு. ரா டேட்டாவ எடுத்துப் பாத்தோம். அவரோட பஞ்ச்: தூரம் 640 மீட்டர், அக்யூரசி 900 மீட்டர். அதாவது போன் சொல்றது என்னன்னா, "640 மீட்டர் தள்ளி ஒரு புள்ளி, ஆனா அதச் சுத்தி 900 மீட்டருக்குள்ள எங்க வேணா இருக்கலாம்"னு. அந்த 900 மீட்டர் வட்டத்துக்குள்ளேயே கிளையன்ட் கட்டடம் முழுசா அடங்குது. இத வச்சு அவரு சைட்ல இல்லன்னு சொல்லவே முடியாது, இருந்தாருன்னும் சொல்ல முடியாது. இந்த ரீடிங் எதையுமே சொல்லல, அவ்வளவுதான். அவரு பேஸ்மென்ட்டுக்குள்ள இறங்கி உக்காந்த அப்புறம்தான் பஞ்ச் பண்ற பழக்கம், அங்க டவர தவிர வேற எதுவும் போனுக்கு கிடைக்கல.

ரெண்டாவது ஆளு கேட்லயே பஞ்ச் பண்ணிட்டு உள்ள போறவரு. தூரம் 35, அக்யூரசி 12. ரெண்டையும் கூட்டுனா கூட 47, நூறுக்குள்ள இருக்கு, இவரப் பத்தி பேச்சே வேண்டாம். மூணாவது ஆளுதான் சுவாரசியம். தூரம் 410, அக்யூரசி 20. இது நல்ல ரீடிங், போன் உறுதியா சொல்லுது, அப்ப இவரு வட்டத்துக்கு வெளிய இருந்தது நெசம். ஆனா விசாரிச்சா அவரு அந்த கேம்பஸோட பின்பக்க கேட் வழியா வர்றவரு, வண்டி நிறுத்துற இடம் அங்கதான் இருக்கு, வண்டிய விட்டுட்டு அங்கேயே பஞ்ச் போட்டுட்டு நடந்து போயிருக்காரு. வெளிய இருந்ததும் உண்மை, வேலைக்கு வந்ததும் உண்மை. வட்டத்துக்கு வெளியங்கிறது ஒரு தகவல்தான், ஆளு வரலங்கிறதுக்கு அதுவே சாட்சி ஆகாது.

இத வச்சு நாங்க மூணு கூடையா பிரிக்க ஆரம்பிச்சோம். கணக்கு ரொம்ப சிம்பிள், எக்ஸெல்ல ஒரு காலம் போட்டா போதும்:

```
distance + accuracy <= radius      -> உள்ளே
distance - 2 * accuracy > radius   -> வெளியே
மற்ற எல்லாம்                        -> சொல்ல முடியாது
```

வெளியேன்னு சொல்றதுக்கு மட்டும் ஏன் அக்யூரசிய ரெண்டால பெருக்குறோம்னு கேப்பீங்க. ஆண்ட்ராய்ட்ல இந்த அக்யூரசி வட்டத்துக்கு 68 சதவீதம்தான் உத்தரவாதம், அதாவது மூணுல ஒரு தடவை ஆளு நெசமா இருக்குற இடம் அந்த வட்டத்துக்கே வெளிய இருக்கும். ஒருத்தர் சம்பளத்துல கை வைக்கப் போறோம்னா மூணுல ஒண்ணு தப்பாகுற கணக்க வச்சு செய்யக் கூடாதுன்னுதான் டபுளாக்குறோம். மேல சொன்ன மூணாவது ஆளுக்குப் போட்டுப் பாருங்க: 410ல 40 போனா 370, நூறுக்கு மேல, அதனால வெளியே. முதல் ஆளுக்கு 640ல 1800 கழிக்கணும், மைனஸ்ல போகுது, 640ஓட 900ஐக் கூட்டுனா நூறுக்குள்ளயும் வரல, அதனால சொல்ல முடியாது. இந்த கடைசி கூடைல விழுறவங்கள நாங்க தானா ப்ரெசென்ட்னு எடுத்துக்குறோம், வேற ஏதாவது சந்தேகம் இருந்தா மட்டும் சூப்பர்வைசர்கிட்ட கேக்குறோம். போனுக்கே தெரியாத ஒரு விஷயத்துக்கு ஆளு ஏன் பதில் சொல்லணும்?

அடுத்தது அந்த ரெண்டாவது காலம், லொக்கேஷன் எடுத்த நேரம். இது இல்லன்னா ஏமாந்துடுவோம், ஏன்னா இதுல அக்யூரசி ரொம்ப நல்லா இருக்கும். ஒரு அம்மா 8:52க்கு சைட்ல பஞ்ச் பண்றாங்க, ரிப்போர்ட்ல தூரம் 11 கிலோமீட்டர், அக்யூரசி 10 மீட்டர். பாத்தா வீட்டுல இருந்தே பஞ்ச் பண்ணிட்டாங்கன்னுதான் தோணும். ஆனா லொக்கேஷன் எடுத்த நேரம் 8:05. போன் அவங்க வீட்டுல இருந்தப்ப எடுத்த கடைசி லொக்கேஷன ஞாபகம் வச்சிருந்து, புதுசா தேடாம அதையே தூக்கிக் குடுத்துருச்சு. இது ஆப் எழுதுன விதத்துல வர்ற கோளாறு. ஆண்ட்ராய்ட்ல `getLastLocation` கூப்பிட்டா பழைய ரீடிங் வர வாய்ப்பு இருக்கு, `getCurrentLocation` கூப்பிட்டா புதுசா எடுக்கப் பாக்கும். வென்டர்கிட்ட "லொக்கேஷன் தப்பா வருது"ன்னு பொதுவா சொன்னா "போன்ல ஜிபிஎஸ் ஆன் பண்ணச் சொல்லுங்க"ன்னு டிக்கெட்ட மூடிடுவாங்க. "பஞ்ச் நேரத்துக்கும் லொக்கேஷன் நேரத்துக்கும் 47 நிமிஷம் வித்தியாசம் இருக்கு, 2 நிமிஷத்துக்கு மேல பழசா இருந்தா புதுசா எடுங்க"ன்னு ரெண்டு மூணு உதாரணத்தோட எழுதிக் குடுத்தா டெவலப்பர்கிட்ட போய்ச் சேரும், சரியும் பண்ணுவாங்க.

தனித்தனியா ஒவ்வொரு பஞ்சா பாக்குறத விட மொத்தமா பாத்தா காரணம் சீக்கிரம் தெரியும். நான் ரிப்போர்ட்ட ரெண்டு தடவ அடுக்கிப் பாப்பேன், ஒரு தடவ ஆள் வாரியா, ஒரு தடவ சைட் வாரியா. ஒரே ஆளுக்கு எந்த சைட்டுக்குப் போனாலும் தப்பு வருது, கூட இருக்குறவங்களுக்கு வரலன்னா அது அவரு போன். ஒரு சைட்ல போற எல்லாருக்கும் தப்பு வருதுன்னா அது சைட்டோட பின், இல்ல அந்த கட்டடம்.

போன் பக்கம் எங்களுக்கு அதிகமா சிக்குறது ஒண்ணுதான். ஐபோன்ல iOS 14ல இருந்தும் ஆண்ட்ராய்ட்ல 12ல இருந்தும், ஆப்புக்கு துல்லியமான இடத்தக் குடுக்காம தோராயமா மட்டும் குடுக்கலாம்னு ஒரு வசதி வந்துச்சு. ஐபோன்ல அது Precise Location, ஆண்ட்ராய்ட்ல Use precise location. இது ஆஃப்ல இருந்தா ஆப்புக்கு கிலோமீட்டர் கணக்குல தோராயமான இடம்தான் போகும், ஆளு சைட்டோட நடுவுல நின்னாலும் உள்ளேன்னு வரவே வராது. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, அவரோட எல்லா பஞ்சுலயும் அக்யூரசி ஆயிரக்கணக்குல இருக்கும், வெட்டவெளில நின்னு போட்டா கூட. புது போன் வாங்குன வாரத்துல இது ஜாஸ்தி வரும், ஏன்னா ஆப் இன்ஸ்டால் பண்ணப்ப வந்த கேள்விய படிக்காம தட்டி விட்டுருப்பாங்க. அதுக்கு அவங்கள திட்டிப் பிரயோஜனம் இல்ல, ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி அந்த சுவிட்ச ஆன் பண்ணச் சொன்னா முடிஞ்சது.

இன்னொண்ணு வைஃபைய ஆஃப் பண்ணி வச்சிருக்குறது. பேட்டரி மிச்சம் பிடிக்க நிறைய பேர் பண்ணுவாங்க. கிளையன்ட் வைஃபைல கனெக்ட் ஆகணும்னு அவசியமே இல்ல, பாஸ்வேர்டும் வேண்டாம், வைஃபை ஆன்ல இருந்தா சுத்தி இருக்குற ரூட்டர்களோட அடையாள நம்பரப் பாத்தே போன் இடத்தக் கணிச்சுக்கும். கட்டடத்துக்குள்ள பஞ்ச் பண்றவங்களுக்கு இதுலயே பெரிய வித்தியாசம் தெரியும். நாங்க ஆளுங்களுக்கு சொல்லிக் குடுத்துருக்குறது இவ்வளவுதான்: வைஃபை ஆன் பண்ணுங்க, மேப் ஆப்ப ஒரு தடவ திறங்க, உங்க நீலப் புள்ளியச் சுத்தி இருக்குற பெரிய வட்டம் சின்னதாகுற வரைக்கும் ஜன்னல் பக்கமோ வாசல் பக்கமோ கொஞ்சம் நில்லுங்க, அப்புறம் அட்டெண்டன்ஸ் ஆப்புக்கு வந்து பஞ்ச் பண்ணுங்க, அப்பவும் வரலன்னா காரணம் எழுதி பஞ்ச் பண்ணிட்டு வேலைய பாருங்க, வாசல்ல நின்னு போனோட மல்லுக்கட்ட வேண்டாம்.

சைட் பக்கம் வர்ற தப்புல ஒண்ண மறக்கவே முடியாது. ஒரு கிளையன்ட் ஆபீஸ வேற ஏரியாவுக்கு மாத்துனாங்க. நாங்களும் பின்ன புது இடத்துக்கு மாத்தியாச்சு. ஆனா அங்க போற எங்க ஆளுங்க எல்லாருக்கும் லொக்கேஷன் பழைய ஆபீஸ்னே வருது, அக்யூரசியும் நல்லாவே இருக்கு, நேரமும் புதுசு. ஒருத்தர் ரெண்டு பேருன்னா சந்தேகப்படலாம், எல்லாரும் சேர்ந்து பழைய காலி கட்டடத்துக்குப் போய் உக்காந்திருக்க முடியுமா? காரணம் என்னன்னா, கிளையன்ட் தன்னோட வைஃபை ரூட்டர்கள எல்லாம் பழைய ஆபீஸ்ல இருந்து கழட்டிக் கொண்டு வந்து புது இடத்துல மாட்டிருக்காங்க. இந்த ரூட்டர் இந்த இடத்துல இருக்குன்னு மேப் கம்பெனிங்க வச்சிருக்குற பட்டியல்ல இன்னும் பழைய அட்ரஸ்தான் இருந்துச்சு. உள்ள சாட்டிலைட் கிடைக்காததால போன் ரூட்டர நம்பி பழைய இடத்தச் சொல்லுது. நாளாக ஆக அந்தப் பக்கம் போற போன்கள் மூலமா பட்டியல் தானா திருந்திடும், அதுவரைக்கும் நாங்க அந்த சைட்ல மட்டும் கட்டடத்துக்கு வெளிய நின்னு பஞ்ச் பண்ணச் சொன்னோம், அதோட பழைய இடத்தையும் அந்த சைட்டோட ரெண்டாவது பின்னா சேர்த்து வச்சோம். கிளையன்ட் இடம் மாறுனா இத எதிர்பாத்தே இருங்க.

பின்ன பத்தி சொல்லணும்னா, அட்ரஸ டைப் பண்ணி மேப் குடுக்குற புள்ளிய அப்படியே எடுத்து சைட்னு சேவ் பண்ணாதீங்க. அது ரோட்டு ஓரத்துல நிக்கும், இல்ல கேம்பஸோட நட்ட நடுவுல நிக்கும், இல்ல பின்கோடு ஏரியாவுக்குப் பொதுவா ஒரு இடத்துல நிக்கும். ஆளுங்க நெசமா எங்க நின்னு பஞ்ச் பண்றாங்களோ அங்க ஒருத்தர நிக்க வச்சு, காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவன்னு சில ரீடிங் எடுத்து, அதுக்கு நடுவுல பின் வைக்கணும். வட்டத்தோட அளவு, பின்ல இருந்து ரொம்பத் தள்ளி இருக்குற கேட் வரைக்கும் உள்ள தூரம், அதுக்கு மேல ஒரு 50 மீட்டர். 20, 30 மீட்டர் வட்டம்னு கறாரா வைக்கிற மேனேஜருங்க உண்டு, அது கட்டுப்பாடு இல்லீங்க, போனால முடியாதத கேக்குறது. ஆண்ட்ராய்டோட டெவலப்பர் வழிகாட்டிலயே இந்த மாதிரி வட்டத்துக்கு, அதாவது ஜியோஃபென்ஸுக்கு குறைஞ்சது 100ல இருந்து 150 மீட்டர் வைங்கன்னுதான் சொல்லிருக்கு.

சைட் லிஸ்ட்ட எக்ஸெல்ல ஏத்துறவங்க ஒண்ணு கவனிங்க. லாட்டிட்யூட் லாங்கிட்யூட்ல புள்ளிக்கு அப்புறம் அஞ்சு இலக்கம் இருந்தா ஒரு மீட்டர் அளவுக்கு துல்லியம், நாலுன்னா 11 மீட்டர், மூணுன்னா 111 மீட்டர், ரெண்டுன்னா 1.1 கிலோமீட்டர். செல்லோட ஃபார்மேட் ரெண்டு இலக்கம் காட்டுற மாதிரி இருந்து அத சிஎஸ்வியா சேவ் பண்ணா, கண்ணுக்குத் தெரியுற ரெண்டு இலக்கம்தான் ஃபைலுக்குள்ள போகும், மீதி போயே போச்சு. அப்ப பின் அரை கிலோமீட்டருக்கு மேல கூட நகந்து நிக்கும். ஒரே அப்லோட்ல ஏத்துன எல்லா சைட்டும் ஒரே சமயத்துல மிஸ்மேட்ச் ஆக ஆரம்பிச்சா ஆளுங்கள விசாரிக்காதீங்க, அந்த ஃபைல திறந்து பாருங்க. ரெண்டு நம்பரும் இடம் மாறிப் போனாலும் இதே கதைதான், ஆனா அது உடனே தெரிஞ்சுடும், தூரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்னு காட்டும்.

கிளையன்ட் சைட்டுக்குன்னே சில சிக்கல் இருக்கு, அதுல முக்கியமானது போனே உள்ள விடாத இடங்க. கேட்லயே வாங்கி லாக்கர்ல போட்டுருவாங்க. அங்க ஆளு கேட்டுக்கு முன்னாடி பஞ்ச் பண்ணிட்டு, செக்யூரிட்டி சோதன, பாஸ், லாக்கர் எல்லாம் முடிச்சு சீட்டுக்குப் போக இருபது நிமிஷம் ஆகும். கிளையன்ட் ரிஜிஸ்டர்ல 9:20, நம்ம ஆப்ல 9:00. ரெண்டும் உண்மை. எத வேலை நேரம்னு எடுக்குறதுன்னு முதல் நாளே முடிவு பண்ணி ஆளுங்ககிட்ட சொல்லிடணும். நாங்க கேட் நேரத்ததான் எடுக்குறோம், அந்த வரிசைல நிக்கிறது அவங்க சொந்த வேலைக்காக இல்லையே. ஆனா கிளையன்ட்டுக்கு பில் போடுறப்ப ரிஜிஸ்டர் நேரம் வேணும்பாங்க, அதனால சம்பளக் கணக்கும் பில்லிங் கணக்கும் வேற வேற காலமா வச்சுக்குங்க, ஒண்ண வச்சு இன்னொண்ண வெட்டாதீங்க.

அடுத்தது ஒரே நாள்ல ரெண்டு மூணு சைட். முதல் சைட்ல அவுட் பஞ்ச், அடுத்த சைட்ல இன் பஞ்ச்னு போட்டா நடுவுல இருக்குற பயண நேரத்த ஆப் பிரேக்னு எடுத்துக்கும். 9:00ல இருந்து 12:30 ஒரு இடம், 1:40ல இருந்து 6:00 இன்னொரு இடம்னா அந்த ஒரு மணி பத்து நிமிஷம் காணாமப் போயி, மொத்தம் 7 மணி 50 நிமிஷம்னு வந்து, எட்டு மணி நேரம் முடிக்கலன்னு அரை நாள் கட் ஆகும். அந்த ஆளு அந்த நேரம் முழுக்க டூல் பையத் தூக்கிட்டு பஸ்ல நின்னுக்கிட்டு இருந்திருப்பாரு. இதுக்கு "சைட் மாறுறேன்"னு தனியா ஒரு பஞ்ச் டைப் இருக்கணும், நாளோட முதல் இன், கடைசி அவுட் மட்டும் மொத்த நேரத்துக்கு, நடுவுல உள்ளதெல்லாம் விசிட் ரெக்கார்ட். உங்க ஆப்ல இந்த டைப் இல்லன்னா, சைட் டியூட்டி ஆளுங்களுக்கு மட்டும் முதல் இன் கடைசி அவுட்னு ஷிப்ட் ரூல மாத்தி வைங்க, பெரும்பாலான ஆப்ல அது செட்டிங்லயே இருக்கும்.

ஃபேக் லொக்கேஷன் விவகாரத்துக்கு வருவோம், இத மேனேஜருங்க எல்லாரும் முதல் கேள்வியா கேப்பாங்க. ஆண்ட்ராய்ட்ல டெவலப்பர் ஆப்ஷன்ல மாக் லொக்கேஷன் ஆப் ஒண்ண வச்சு எந்த இடத்த வேணா காட்டலாம், ஆனா அப்படி வந்த ரீடிங்குல அது மாக்னு ஒரு குறி ஒட்டி வரும், அட்டெண்டன்ஸ் ஆப் அதப் படிச்சு சொல்லிடும். எல்லாத்தையும் அது பிடிச்சிடாது, போன ரூட் பண்ணி குறிய மறைக்கிறவங்களும் இருக்காங்க. அதுக்கு நான் பாக்குறது இலக்கங்கள. நெஜ ரீடிங் நாளுக்கு நாள் கடைசி இலக்கங்கள்ல ஆடிக்கிட்டே இருக்கும், மனுஷன் அதே இடத்துல நின்னா கூட. ஒருத்தருக்கு மாசம் முழுக்க கடைசி இலக்கம் வரைக்கும் ஒரே நம்பர், அக்யூரசியும் மாறாத ஒரே நம்பர்னா அப்ப கூப்பிட்டுப் பேசணும். பேசணும்னுதான் சொல்றேன், சார்ஜ் ஷீட் குடுக்கச் சொல்லல. எங்க ஆளு ஒருத்தருக்கு மாக் குறி வந்துச்சு, விசாரிச்சா அவரு கிளையன்ட் இடத்துல டெலிவரி ஆப் டெஸ்ட் பண்ற வேலைல இருந்தாரு, அந்த ஆப்புக்காக மாக் லொக்கேஷன் வச்சுத்தான் ஆகணும், ஆஃப் பண்ண மறந்து அதோடயே பஞ்ச் பண்ணிட்டாரு. டீம் லீட்கிட்ட ஒரு வார்த்த கேட்டோம், முடிஞ்சது.

இவ்வளவும் பாத்த அப்புறம் ஆப் செட்டிங்ல நாங்க மாத்துனது, வட்டத்துக்கு வெளிய இருந்தா பஞ்சே ஆகாதுன்னு பூட்டுறத எடுத்துட்டோம். பூட்டி வச்சா ஆளு காலைல வந்த நேரத்துக்கு ஒரு ரெக்கார்டும் இருக்காது, அப்புறம் ரெகுலரைஸ் பண்ணச் சொல்லி, மேனேஜருக்கு ஞாபகம் இல்லாம, ரெண்டு பக்கமும் வாக்குவாதம்தான் மிஞ்சும். இப்ப எங்க இருந்து பண்ணாலும் பஞ்ச் ஏறிடும், மூணு கூடைல எதுன்னு குறி மட்டும் விழும். வெளியேன்னு வந்தவங்க லிஸ்ட் தினமும் மதியத்துக்குள்ள அந்தந்த சூப்பர்வைசருக்குப் போகும், அவங்க ஒரு வரில பதில் போடணும்: பின்பக்க கேட், வேற பிளாக், கிளையன்ட் வேற இடத்துக்கு அனுப்புனாரு, இப்படி. அன்னைக்கே கேட்டா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், இருபத்தெட்டாம் தேதி உக்காந்து மூணாம் தேதியப் பத்திக் கேட்டா யாருக்கு என்ன தெரியும்? ஒரே பதில் ஒரே சைட்ல திரும்பத் திரும்ப வந்தா பின்ன நகத்துறோம், வட்டத்தப் பெருசாக்குறோம், அந்த சைட்டோட சிவப்பு அடுத்த மாசம் காணாமப் போயிடுது.

தானா பஞ்ச் ஆகுற வசதி, அதாவது வட்டத்துக்குள்ள நுழைஞ்ச உடனே போன் தானா இன் போடுறது, அத நாங்க எடுத்துக்கல. ஆப் பின்னாடி ஓடுறப்ப நுழைஞ்சத போன் கவனிக்கவே சில நிமிஷம் தாமதமாகும், பேட்டரி சேவர் போட்டா இன்னும் மோசம், லேட் மார்க் யாருக்கு விழும்? அதோட அதுக்கு நாள் முழுக்க லொக்கேஷன் அனுமதி கேக்கணும். ஆளுங்களுக்கு இருக்குற பெரிய பயமே வீட்டுக்குப் போன அப்புறமும் கம்பெனி பாத்துக்கிட்டு இருக்குமோங்கிறதுதான், அந்தப் பயம் நியாயமானது. பட்டன அமுக்கி பஞ்ச் பண்றதுக்கு While using the app அனுமதி தாராளமா போதும். எங்க ஜாயினிங் ஃபார்ம்லயே எழுதிருக்கோம்: பஞ்ச் பட்டன அமுக்குற நேரத்துல மட்டும்தான் லொக்கேஷன் எடுக்கப்படும், அத சூப்பர்வைசரும் அட்டெண்டன்ஸ் டீமும் மட்டும்தான் பாப்பாங்க, Allow all the time குடுக்க வேண்டாம். யாராவது தெரியாம குடுத்துருந்தா அத மாத்த நாங்களே உக்காந்து உதவி பண்றோம்.

சிக்னலே இல்லாத சைட்ல ஆஃப்லைன் பஞ்ச் பத்தியும் ஒரு வார்த்த. நெட் வந்த அப்புறம் சர்வருக்கு ஏறுற நேரத்த பஞ்ச் நேரமா எடுக்குற ஆப் இருக்கு, அதுல காலைல எட்டுக்கு வந்த ஆளு சாயங்காலம் ரோட்டுக்கு வந்து நெட் கிடைச்சப்ப இன் போட்ட மாதிரி ஆகிடும், லொக்கேஷனும் ரோடுன்னு ஏறிடும். வாங்குறதுக்கு முன்னாடியே ஏரோப்ளேன் மோட்ல போட்டு ஒரு பஞ்ச் பண்ணிப் பாருங்க, ஒரு மணி நேரம் கழிச்சு வேற இடத்துக்குப் போய் நெட் ஆன் பண்ணுங்க, ரிப்போர்ட்ல எந்த நேரமும் எந்த இடமும் வருதுன்னு கவனிங்க. பஞ்ச் பண்ண நேரம், சர்வருக்கு வந்த நேரம் ரெண்டும் தனித்தனியா இருந்தா அந்த ஆப்ப நம்பி எடுக்கலாம்.